முதலில் தொட்டது எது?

பவர்பாயின்ட்டில் ஒரு வரைபடத்தின் மேல் ‘இடம் இதுதான்’ என்று காட்டும் குறி வேண்டுமென்றால், பலரும் இணையத்தில் தேடி, யாரோ வரைந்த படத்தை எடுத்து ஒட்டுகிறார்கள். அதன் நிறம் ஸ்லைடோடு ஒட்டாது; பெரிதாக்கினால் ஓரம் பிசிறடிக்கும். அதே குறியை ஒரு துளியும் ஒரு வட்டமும் கொண்டு நாமே செய்துவிடலாம். வடிவங்களைச் சேர்க்கவும் வெட்டவும் உதவும் கட்டளைகள் 2010 பதிப்பில் மறைந்திருந்தன. தேவைப்பட்டவர்கள் தாங்களே மெனுவில் கொண்டுவந்து சேர்க்க வேண்டியிருந்தது. 2013 பதிப்பிலிருந்து, வடிவத்தைத் தேர்ந்தெடுத்ததும் வரும் Format தாவலிலேயே Merge Shapes என்ற பொத்தான் இருக்கிறது.

முதலில் Teardrop என்ற துளி வடிவத்தை 4 செ.மீ. அகலம், 4 செ.மீ. உயரத்தில் போடுங்கள். அதன் கூர்முனை வலது மேல் மூலையைப் பார்த்து நிற்கும். Rotation பெட்டியில் 135 என்று கொடுத்தால் முனை நேர் கீழே திரும்பிவிடும். அடுத்து 1.6 செ.மீ. வட்டம் ஒன்று. இரண்டையும் தேர்ந்தெடுத்து Align Center, Align Middle இரண்டையும் அழுத்தினால் வட்டம் துளியின் நடுவில் போய் உட்காரும். இரண்டுக்கும் வெளிக்கோடு வேண்டாம். இருந்தால் வெட்டிய ஓட்டையைச் சுற்றியும் அந்தக் கோடு ஓடி அசிங்கமாகத் தெரியும்.

இனிதான் கவனம் வேண்டும். வெற்றிடத்தில் ஒருமுறை கிளிக் செய்து தேர்வை நீக்குங்கள். முதலில் துளியைக் கிளிக் செய்யுங்கள். பிறகு Shift விசையை அழுத்தியபடி வட்டத்தை. இப்போது Subtract கொடுத்தால் துளியின் நடுவே வட்ட ஓட்டை விழும். Subtract எப்போதும் முதலில் தொட்டதிலிருந்து மற்றதை வெட்டும். வட்டத்தை முதலில் தொட்டிருந்தால், அது முழுக்கத் துளிக்குள் அடங்கியிருப்பதால் மிஞ்ச எதுவுமில்லை. சுட்டியை இழுத்து இரண்டையும் ஒன்றாக வளைத்துப் பிடித்தால் எது முதல் என்பது நம் கையில் இருக்காது. ஒவ்வொன்றாகக் கிளிக் செய்வதே நல்லது. புது வடிவத்தின் நிறமும் முதலில் தொட்டதன் நிறமாகவே இருக்கும்.

வெள்ளை வட்டத்தை மேலே வைத்தாலே போதாதா என்று கேட்கலாம். போதாது. குறியை வரைபடத்தின் மேல் நகர்த்திப் பாருங்கள்: உண்மையான ஓட்டை வழியாக அடியில் உள்ள தெருவின் கோடு தெரியும், வெள்ளை வட்டம் அதை மறைக்கும்.

மற்ற கட்டளைகளும் இதே இடத்தில்தான். Union எல்லாவற்றையும் ஒரே உருவாக்கும். Combine அதையே செய்து, ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதியை மட்டும் ஓட்டையாக்கும். Intersect அந்தப் படியும் பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளும். Fragment எல்லாக் கோடுகளிலும் துண்டாக்கிவிடும். வேண்டாத துண்டுகளை அழித்துக்கொள்ளலாம்.

எழுத்தையும் இப்படி வெட்டலாம் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்லைடு நிறைய ஒரு புகைப்படம். அதன்மேல் ஸ்லைடு அளவுக்கே, அதாவது 33.87 × 19.05 செ.மீ., கருநீலச் செவ்வகம். அதன்மேல் தடித்த எழுத்துருவில் பெரிய தலைப்பு. செவ்வகத்தை முதலிலும் தலைப்பின் பெட்டியை இரண்டாவதாகவும் தேர்ந்தெடுத்து Subtract கொடுத்தால், எழுத்துகளே சன்னல்களாகிப் படம் அவற்றின் வழியே தெரியும். ‘ம’வின் உள்ளே இருக்கும் வெற்றிடம் கருநீலமாகவே நிற்கும். மெல்லிய எழுத்துருவில் இதைச் செய்தால் படம் இருப்பதே தெரியாது. செய்தபின் அது எழுத்தல்ல, வெறும் உருவம். எழுத்துப்பிழை இருந்தால் திருத்த முடியாது. வெட்டுமுன் அந்த ஸ்லைடின் நகல் ஒன்றை எடுத்துவையுங்கள்.

கோட்டின் தடிமனை இந்தக் கட்டளைகள் கணக்கில் எடுப்பதில்லை. பூதக்கண்ணாடிக் குறியின் கைப்பிடியைத் தடித்த கோடாகப் போட்டால் அது சேராது. மெலிந்த செவ்வகமாக வரைந்து Union கொடுக்க வேண்டும். Merge Shapes பொத்தான் மங்கிக் கிடந்தால், ஒரே வடிவம்தான் தேர்வாகியிருக்கும், அல்லது Group செய்த வடிவம் நடுவில் இருக்கும். Ungroup செய்துவிட்டு மறுபடி தேர்ந்தெடுங்கள்.

லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ் பயன்படுத்துவோருக்கும் இந்த வசதி உண்டு. ஆனால் அங்கே எதை முதலில் தொட்டீர்கள் என்பது பொருட்டல்ல. தேர்ந்தெடுத்தவற்றில் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பதுதான் வெட்டப்படும்.