எதிர்க்கடைக்கும் பொருந்தும் வாசகம்

'தரம், நம்பிக்கை, சேவை.' இந்த மூன்று சொற்களை நகைக்கடைப் பலகையில் எழுதலாம், சிமென்ட் மூட்டையில் அச்சடிக்கலாம், பல் மருத்துவமனையின் பில்லிலும் போடலாம். எங்கே போட்டாலும் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். அதுதான் அவற்றின் கோளாறு.

ஒரு நிறுவனத்தின் விளம்பர வாசகம் உருப்படியானதா என்று பார்க்க, அதன் மேலே இருக்கும் பெயரைக் கையால் மறைத்துவிட்டுப் போட்டிக்காரரின் பெயரைச் சேர்த்துப் படித்துப் பாருங்கள். அப்போதும் பொருந்தினால் அந்த வாசகம் இரண்டு பேருக்குமே சொந்தமில்லை. அடுத்து, அதைத் தலைகீழாகப் புரட்டிப் பாருங்கள். 'மட்டமான சரக்கு, அலட்சியமான சேவை' என்று எந்தக் கடைக்காரராவது பலகை மாட்டுவாரா? மாட்ட மாட்டார் என்றால், நேராகச் சொன்னதிலும் செய்தி ஏதுமில்லை.

இது ரசனை சார்ந்த விஷயம் மட்டுமல்ல, நீதிமன்றம்வரை போயிருக்கிறது. அமெரிக்காவில் பாப்பா ஜான்ஸ் என்ற பீட்ஸா நிறுவனம், 'மேலான பொருட்கள், மேலான பீட்ஸா' என்ற பொருளில் ஒரு வாசகம் வைத்திருந்தது. போட்டியாளரான பீட்ஸா ஹட் 1998இல் வழக்குத் தொடுத்தது. அதைப் பொய்யான விளம்பரம் என்றது. கீழ் நீதிமன்றத்தில் பீட்ஸா ஹட் ஜெயித்தது. 2000ஆம் ஆண்டு மேல்முறையீட்டில் தீர்ப்பு புரண்டது. தனியாகப் பார்த்தால் அந்த வாசகம் எதையும் அளந்து சொல்லவில்லை, அது வெறும் வியாபாரப் பெருமை, அதை மெய் என்றோ பொய் என்றோ நிரூபிக்க வழியில்லை என்றது நீதிமன்றம். சாஸையும் மாவையும் ஒப்பிட்ட விளம்பரங்களோடு சேர்ந்து வந்தபோது மட்டும் அது மக்களைத் தவறாக வழிநடத்தக்கூடியதாக ஆனது என்று கருதியது. ஆனால் அதை நம்பித்தான் மக்கள் வாங்கினார்கள் என்று பீட்ஸா ஹட்டால் காட்ட முடியவில்லை.

பாப்பா ஜான்ஸ் வழக்கில் தப்பியது. தப்பிய காரணத்தைக் கொஞ்சம் யோசித்தால் சிரிப்பு வரும். எங்கள் வாசகத்தில் சோதித்துப் பார்க்க ஒன்றுமில்லை என்பதுதான் அவர்களுக்குக் கேடயமாக இருந்தது. பொத்தாம்பொதுவான வாசகங்கள் முதலாளிகளுக்கு ஏன் இவ்வளவு பிடிக்கின்றன என்பதும் இங்கே விளங்கும். சோம்பல் ஒரு காரணம்தான். மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற பயம் அதைவிடப் பெரிய காரணம்.

அதே பீட்ஸா வியாபாரத்தில் டோமினோஸ் வேறு வழியில் போனது. முப்பது நிமிடத்தில் வராவிட்டால் பீட்ஸா இலவசம் என்று அறிவித்தது. பீட்ஸா எவ்வளவு ருசி என்பது பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் பசியோடு காத்திருப்பவர் கையில் கடிகாரத்தைக் கொடுத்துவிட்டது. இதன் விலையும் பெரிது. அவசர அவசரமாக வண்டி ஓட்டியதால் விபத்துகள் நடக்கின்றன என்ற குற்றச்சாட்டு கிளம்பியது. 1993இல் ஒரு விபத்து வழக்கில் ஏழு கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு தரச் சொல்லி ஜூரி தீர்ப்பளித்தது. அதையடுத்து டோமினோஸ் அமெரிக்காவில் அந்த உத்தரவாதத்தைக் கைவிட்டது. சோதிக்கக்கூடிய வாக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டால், கடைசி ஊழியர்வரை அதற்காக ஓட வேண்டியிருக்கும்.

அப்படியானால் ஒரு சாதாரணக் கடை என்ன எழுதலாம்? கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டித் தரும் பட்டறை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பலகையில் 'தரமான வேலை, நியாயமான விலை' என்று இருக்கிறது. அந்தத் தெருவில் உள்ள எல்லாப் பட்டறைக்கும் அதுதான் வாசகம். மாற்றி எழுத உட்காருபவர் அழகான சொற்களைத் தேடி அகராதியைப் புரட்டக் கூடாது. பட்டறையின் வேலை நோட்டையும் பில் புத்தகத்தையும் வாங்கிப் படிக்க வேண்டும். பிறகு மோட்டார் கொண்டுவரும் விவசாயிகளிடம், "ஏனுங்க, பக்கத்துல நாலு பட்டறை இருக்கறப்ப இங்க ஏன் வர்றீங்க?" என்று கேட்க வேண்டும்.

"நல்லா பண்ணுவாருங்க" என்பது முதலில் வரும் பதில். அது மரியாதைக்குச் சொல்வது, உதவாது. இன்னும் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால்தான் விஷயம் வெளியே வரும். "காயில் போச்சுன்னா மூணு நாள் தண்ணியில்லீங்க, வெயில்ல பயிரு வாடிப்போயிரும். இவரு வேற மோட்டார் குடுத்து எறக்கி உட்ருவாருங்க."

முதலாளிக்கு இது பெரிதாகவே தெரிந்திருக்காது. வருஷக்கணக்காகச் செய்துவருவதால் சொல்லிக்கொள்ளத் தோன்றியிருக்காது. "இதென்னங்க, இன்னொருத்தரும் எப்பவாவது குடுப்பாரு" என்றுகூடச் சொல்வார். அதற்குப் பழைய பதில் ஒன்று உண்டு. விளம்பர எழுத்தாளர் கிளாட் ஹாப்கின்ஸ், ஷிலிட்ஸ் என்ற பீர் நிறுவனத்துக்காக எழுதப் போனபோது, எல்லா பீர் கம்பெனியும் 'தூய்மை' என்றே கூவிக்கொண்டிருந்தன. அவர் ஆலைக்குள் போய்ப் பார்த்தார். புட்டிகளை எப்படிக் கழுவுகிறார்கள், தண்ணீர் எவ்வளவு ஆழத்திலிருந்து வருகிறது என்பதை விவரமாக எழுதினார். எல்லாரும் இதைத்தானே செய்கிறார்கள் என்றார்கள் ஆலைக்காரர்கள். ஆனால் யாரும் சொல்லவில்லையே என்பது அவர் வாதம். வாசகத்தில் வரும் விவரம் உலகத்திலேயே ஒருவரிடம் மட்டும் இருக்க வேண்டியதில்லை. அந்தச் சந்தையில் முதலில் சொல்வதும் தவறாமல் செய்வதும் போதும்.

இனி எழுதலாம். 'ரிப்பேர் காலத்திலும் தடையற்ற நீர் வசதி' என்பது முதல் முயற்சி. விஷயம் சரி, ஆனால் அரசு அறிவிப்பு மாதிரி இருக்கிறது. 'மோட்டார் போனாலும் தண்ணி நிக்காது' என்பது காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் கரண்ட் போனாலும் கிணறு வற்றினாலும் தண்ணீர் நிற்கும். அதற்கும் பட்டறைக்காரர் சட்டையைப் பிடிப்பார்கள். பிறகு இது கிடைக்கிறது: 'உங்க மோட்டார் எங்க பட்டறையில், எங்க மோட்டார் உங்க கிணற்றில்.' 'தரம்' என்ற சொல்லே வரவில்லை. மாற்று மோட்டார் வைத்திருக்காத பட்டறை இதை எழுதினால் அடுத்த நாளே குட்டு வெளிப்பட்டுவிடும்.

பலகைக்காரரைக் கூப்பிடும் முன் நோட்டைத் திரும்பப் பார்க்க வேண்டும். மாற்று மோட்டார்கள் எந்தெந்தக் குதிரைத்திறனில் இருக்கின்றன? ஏழரை எச்பி வரைதான் என்றால், வாசகத்துக்குக் கீழே படிக்கிற அளவு எழுத்தில் 'ஏழரை எச்பி வரை' என்று போட வேண்டும். பத்து எச்பிக்காரர் ஏமாந்து திரும்பினால் அவர் நான்கு பேரிடம் சொல்வார். சட்டமும் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்கலாம். திரும்பவும் செய்தால் ஐம்பது லட்சம்வரை போகும்.

கடைசியில் கேட்க வேண்டியது கோடையைப் பற்றி. சித்திரை வெயிலில் ஒரே வாரத்தில் எத்தனை மோட்டார் பழுதாகி வருகின்றன என்று போன வருட நோட்டு சொல்லும். அது எட்டு என்றும், கையில் இருக்கும் மாற்று மோட்டார் ஐந்து என்றும் வைத்துக்கொண்டால், முதலாளிக்கு இரண்டே வழி. இன்னும் மூன்று மோட்டார் வாங்கிப் போட வேண்டும், இல்லையென்றால் பழைய பலகையே இருக்கட்டும் என்று விட்டுவிட வேண்டும்.