விசாரிப்பு கூடியது, விற்பனை எங்கே?

கோவையில் ஒரு மரச்சாமான் கடை மாதம் 40,000 ரூபாய்க்கு ஃபேஸ்புக்கில் விளம்பரம் செய்வதாக வைத்துக்கொள்வோம். ஏஜென்சியின் மாத அறிக்கை வருகிறது. போன மாதம் 125 பேர் விசாரித்தார்கள், இந்த மாதம் 200 பேர். ஒரு விசாரிப்புக்கான செலவு 320 ரூபாயிலிருந்து 200 ஆக இறங்கிவிட்டது. பல அறிக்கைகள் இந்த இடத்தில், பச்சை அம்புக்குறியோடு முடிந்துவிடும்.

நல்ல அறிக்கை கடையின் பில் புத்தகத்தையும் கேட்டு வாங்கும். போன மாதம் வாங்கியவர்கள் 10 பேர், இப்போது 4. அதாவது ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க ஆன செலவு 4,000 ரூபாயிலிருந்து 10,000 ஆகிவிட்டது!

காரணம், இந்த மாதம் மாற்றிய படிவம். ஃபேஸ்புக்குக்குள்ளேயே திறக்கும் அதில் பெயரும் போன் நம்பரும் தானாக நிரம்பிக்கொள்கின்றன. விரல் பட்டாலே விசாரிப்புதான். கூப்பிட்டால், "நான் எதுவும் கேட்கலையே" என்கிறார்கள்.

அடுத்த மாதத்துக்கு அறிக்கை ஒரே யோசனையைச் சொல்லலாம்: விவரங்களைச் சரிபார்த்து அனுப்பும் படிவத்துக்கு மாறி, 'எப்போது வாங்க உத்தேசம்?' என்ற கேள்வியைச் சேர்ப்பது. விசாரிப்பு குறையும் என்பதை முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். கட்டில், பீரோவை யாரும் அவசரமாக வாங்குவதில்லை; 4 பேர் என்பதும் சின்ன எண். எனவே இரண்டு மாதம் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

கடைக்காரர்களே, விற்பனைக் கணக்கை ஏஜென்சிக்குக் கொடுங்கள். அது இல்லாமல் இந்த ஓட்டையை அவர்களாலும் கண்டுபிடிக்க முடியாது.