முதல் பிரேமை நம்பிக் கணக்குப் போடலாமா?

1995-இல் வெளிவந்த ‘டாய் ஸ்டோரி’ படத்தில் ஒரு பிரேமை ரெண்டர் செய்ய முக்கால் மணி நேரமும் ஆனது, 30 மணி நேரமும் ஆனது. காட்சியில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. இன்று வீட்டுக் கணினியில் பிளெண்டரை வைத்துக் குறும்படம் எடுப்பவருக்கும் இந்த ஏற்ற இறக்கம்தான் பெரிய சிக்கல். ஒரு பிரேமுக்கு ஆன நேரத்தை மொத்த பிரேம்களால் பெருக்கி, அதை நம்பி ரெண்டர் ஃபார்முக்குப் பணம் கட்டுபவர்கள் பாதி வழியில் திண்டாடிப் போகிறார்கள்.

30 நொடிப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 24 வீதம் மொத்தம் 720 பிரேம்கள். முதல் 240 பிரேம்கள் வீட்டுக்குள், அடுத்த 300 வெயில் அடிக்கும் தெருவில், கடைசி 180 மழையில் நனைந்த கண்ணாடி ஜன்னல் அருகே. சோதனைக்கு எந்தப் பிரேமை எடுப்பது? பிடித்ததை எடுக்கக் கூடாது. படம் நெடுகச் சம இடைவெளியில் எடுக்க வேண்டும். இந்தக் கட்டளை 60 பிரேமுக்கு ஒன்றாக 12 பிரேம்களை ரெண்டர் செய்யும்:

```
blender -b padam.blend -s 1 -e 720 -j 60 -a
```

ஒவ்வொரு பிரேமும் முடிந்ததும் ஆன நேரம் திரையில் வரும். 512 சாம்பிளில் வீட்டுக் காட்சிக்குச் சராசரியாக 60 நொடி, தெருவுக்கு 90, ஜன்னலுக்கு 240 என்று வந்ததாகக் கொள்வோம். காட்சிவாரியாகப் பெருக்கிக் கூட்டினால் இருபத்து மூன்றரை மணி நேரம். முதல் பிரேமை மட்டும் நம்பியிருந்தால் 12 மணி நேரம்தான் என்று தோன்றியிருக்கும். படத்தில் கால் பங்காக இருக்கும் ஜன்னல் காட்சி, நேரத்தில் பாதிக்கு மேல் விழுங்குகிறது.

உடனே சாம்பிளைக் குறைக்கத்தான் கை போகும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஒரு பிரேமின் நேரத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. காட்சியிலுள்ள பொருள்களையும் டெக்ஸ்சர்களையும் நினைவகத்தில் அடுக்கித் தயாராவது ஒன்று. இது சாம்பிளைக் குறைத்தாலும் குறையாது. ஒளிக்கதிர்களைக் கணக்கிடுவது மற்றொன்று; இதுதான் சாம்பிளுக்கேற்பக் கூடிக் குறையும். இரண்டையும் பிரிக்க, `Noise Threshold` தேர்வை அணைத்துவிட்டு, ஒரே பிரேமை 512-லும் 256-லும் ஓட்டிப் பார்த்தால் போதும். வீட்டுக் காட்சி 60-லிருந்து 50 நொடிக்குத்தான் இறங்குகிறது என்றால், 40 நொடி வெறும் தயாரிப்புக்கே போகிறது. ஜன்னல் காட்சியோ 240-லிருந்து 130-க்கு இறங்குகிறது. ஆக, சாம்பிளைப் பாதியாக்கினால் முதல் காட்சியில் மொத்தம் 40 நிமிடம் மிச்சம். கடைசிக் காட்சியில் ஐந்தரை மணி நேரம். கை வைக்க வேண்டிய இடம் எது என்பது இப்போது தெளிவு.

எவ்வளவு குறைக்கலாம்? நாய்ஸ் எனப்படும் மணல் போன்ற புள்ளிகள் பாதியாகக் குறைய வேண்டுமென்றால் சாம்பிள் நான்கு மடங்காக வேண்டும். ஆகவே சாம்பிளைப் பாதியாக்கினால் நாய்ஸ் ஏறத்தாழ 40 சதவீதம்தான் கூடும். அதை டீநாய்ஸர் துடைத்துவிடும். ஆனால் நின்ற படத்தைப் பார்த்து முடிவெடுப்பது இங்கே பெரிய பிழை. டீநாய்ஸர் ஒவ்வொரு பிரேமையும் தனித்தனியே துடைப்பதால், நின்ற படத்தில் பளிச்சென்று இருக்கும் சுவர், ஓட்டிப் பார்க்கும்போது திட்டுத் திட்டாகக் கொதிக்கும். எனவே ஜன்னல் காட்சியில் அடுத்தடுத்த 24 பிரேம்களை 128, 256, 512 என மூன்று அளவிலும் ரெண்டர் செய்து, ஓடவிட்டு, நிழல் படிந்த மூலைகளைப் பார்க்க வேண்டும். இதற்கு மூன்று மணி நேரம் ஆகும். செலவழிக்கத் தகுந்த நேரம் இது. 128-இல் கொதிப்பு தெரிந்து 256-இல் அடங்கினால், கடைசிக் காட்சிக்கு 256 போதும். மற்றவற்றை 512-லேயே விட்டுவிடலாம். மொத்தம் 18 மணி நேரமாகிறது.

இனி ஃபார்ம். 20 கணினிகளில் பகிர்ந்தால் வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடியும். பணம் குறையாது, கட்டணம் 18 மணி நேரத்துக்கேதான். பலர் கவனிக்காத செலவு ஒன்றும் இருக்கிறது. ஃபைலைத் திறக்கும் நேரம் திரையில் காட்டும் பிரேம் நேரத்தில் சேராது. பிரேமுக்கு ஒரு வேலையாகப் பிரித்தால் ஃபைல் 720 முறை திறக்கப்படும். திறக்க 20 நொடி என்றால் அதற்கே 4 மணி நேரம். வேலைக்குப் பத்துப் பிரேம் என்று கட்டினால் 24 நிமிடத்தோடு முடிந்தது. மணிக்கு 100 ரூபாய் என்று கொண்டால் செலவு சுமார் 1,840 ரூபாய். திரும்ப ஓட்ட வேண்டிய பிரேம்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்து 2,200 வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கு வீட்டுக் கணினியின் வேகத்தில் போட்டது. ஃபார்ம் கணினியின் வேகம் வேறாக இருக்கும் என்பதால், பணம் கட்டும் முன் அதே 12 பிரேம்களை அங்கேயும் ஓட்டிப் பார்த்து, விகிதத்தைக் கணக்கில் ஏற்றுங்கள். முழுப் படத்தையும் அனுப்பும்போது ஜன்னல் காட்சியை முதலில் அனுப்புங்கள். கணக்கு தப்பினால் பணம் கையில் இருக்கும்போதே தெரிந்துவிடும்.