டிவியின் பின்விளக்குக்குக் கட்டும் கரண்ட் பில்

எல்.இ.டி. டிவி என்று நாம் வாங்கும் பெட்டியில் படம் காட்டுவது எல்.இ.டி. இல்லை. படத்தைக் காட்டுவது எல்.சி.டி. திரை. அந்தத் திரைக்குத் தானாக ஒளிரத் தெரியாது. அதனால் அதன் முதுகுப்புறம் எல்.இ.டி. விளக்குகளை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். அந்த வெளிச்சம் பல அடுக்குகளைக் கடந்து நம் கண்ணுக்கு வருவதற்குள் பெரும்பகுதி வீணாகிவிடுகிறது. சாதாரண மாடல்களில் திரையில் கும்மிருட்டுக் காட்சி ஓடும்போதும் பின்னால் விளக்குகள் எரிந்துகொண்டேதான் இருக்கின்றன. டிவி இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கு இந்தப் பின்விளக்குக்கே போகிறது. அதைக் கொஞ்சம் தாழ்த்தினால் பில் குறையும். டிவி ஓடும்போது மற்ற எதைத் தொட்டாலும் சில்லறைதான்.

எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 55 அங்குல 4கே டிவி ஒன்று, ‘Vivid’ என்ற பளபளப்பான நிலையில் 140 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின்விளக்கை நன்றாகத் தாழ்த்தினால் அதே டிவி 70 வாட்டில் ஓடும். இந்த அளவு டிவிகளில் இவை சாதாரணமாகக் காணக்கூடிய எண்கள்தான். காலைச் செய்தி, சாயங்காலம் தொடங்கி இரவு வரை சீரியல் என்று நாளைக்கு 6 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் 50 யூனிட் செலவாவது 25 யூனிட்டாகக் குறையும்.

25 யூனிட் பெரிதா என்று தோன்றும். தமிழ்நாட்டில் அது எந்த இடத்தில் விழுகிறது என்பதுதான் முக்கியம். 2024 ஜூலையில் வந்த வீட்டுக் கட்டணத்தின்படி, 500 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கான மலிவு விலை போய்விடும். 510 யூனிட் ஓட்டிய வீட்டுக்கு 2,124 ரூபாய் பில். அதே வீடு 25 யூனிட் குறைத்து 485-இல் நின்றால் பில் 1,711 ரூபாய்க்குள் முடிந்துவிடும். நானூறு ரூபாய்க்கு மேல் வித்தியாசம். கோடையில் ஏ.சி. ஓடும் வீடுகள் பலவும் இந்த 500 என்ற கோட்டுக்குப் பக்கத்தில்தான் தத்தளிக்கின்றன.

சரி, எந்தப் பொத்தான்? இங்கேதான் பலர் தவறான இடத்தைத் திருகுகிறார்கள். மெனுவில் ‘Brightness’ என்று இருப்பதைக் குறைத்தால் வெளிச்சம் குறையும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் பல டிவிகளில், குறிப்பாகப் பழைய மாடல்களில், அது கறுப்பு எவ்வளவு கறுப்பாகத் தெரிய வேண்டும் என்பதை மட்டுமே மாற்றும். மின்சாரத்தில் கைவைக்காது. உண்மையான பின்விளக்கு அங்கே ‘Backlight’ என்று தனியாக இருக்கும். சில புதிய மாடல்களிலோ ‘Brightness’ என்பதே பின்விளக்குதான். இந்தக் குழப்பத்துக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. வெள்ளை வேட்டி சட்டையில் யாராவது பேசும் செய்தியை வைத்துக்கொண்டு அளவைக் குறையுங்கள். வேட்டியின் வெண்மை மங்கினால் சரியான பொத்தான். வேட்டி அப்படியே பளிச்சென்று இருக்க, தலைமுடியும் நிழலும் மட்டும் கறுப்புத் திட்டாக ஒட்டிக்கொண்டால் அது பின்விளக்கு இல்லை. பழைய அளவுக்கே திருப்பிவிட்டு ‘Backlight’ எங்கே என்று தேடுங்கள்.

ஈகோ மோட் என்பது பெரும்பாலும் இதே பின்விளக்கை உங்களுக்குப் பதிலாக டிவியே தாழ்த்தும் ஏற்பாடு. ‘Eco’, ‘Energy Saving’, ‘Power Saving’ என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் இருக்கும். சில டிவிகளில் ‘Picture’ பகுதியில், சிலவற்றில் ‘General’ பகுதியில் ஒளிந்திருக்கும். இதைப் போட்டவுடன் பின்விளக்குக்கு ஒரு மேல்வரம்பு வந்துவிடும். சில மாடல்களில் காட்சி வேகமாக நகரும்போது வெளிச்சத்தை இன்னும் கொஞ்சம் இறக்கும் வேலையும் நடக்கும். கிரிக்கெட் பார்க்கும்போது பந்து ஓட ஓடத் திரை மங்குவது போலத் தோன்றினால் அதுதான் காரணம். ‘Motion Lighting’ போன்ற பெயரில் அது தனியாக இருந்தால் அதை மட்டும் அணைத்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஈகோ மோட் சத்தமில்லாமல் கழன்றுகொள்ளும். அமெரிக்காவின் என்.ஆர்.டி.சி. என்ற சுற்றுச்சூழல் அமைப்பு 2016-இல் வெளியிட்ட ஆய்வில் இது விலாவாரியாக வெளிவந்தது. பெரிய கம்பெனிகள் சிலவற்றின் டிவிகளில், வாங்கியவர் படநிலையை மாற்றிய அடுத்த நொடியே மின்சேமிப்பு வசதிகள் அணைந்துவிட்டன. எச்சரிக்கை பெரிதாக எதுவும் வரவில்லை. சில டிவிகளின் மின்செலவு அதனால் இரண்டு மடங்கு வரை ஏறியது. அரசுச் சோதனையில் டிவியை வாங்கி வந்த நிலையிலேயே ஓட்டி அளப்பார்கள் என்பதால், ஒட்டியிருந்த லேபிளில் எண் அழகாகவே இருந்தது. நம் ஊரில் நட்சத்திர முத்திரை பார்த்து வாங்குபவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். நட்சத்திரம் டிவிக்குத்தான் கொடுத்தது. வீட்டுக்கு வந்ததும் பையன் ‘Vivid’ போட்டுவிட்டால் அந்தக் கணக்கு செல்லாது.

அதனால் வரிசை முக்கியம். முதலில் படநிலையைத் தேர்ந்தெடுங்கள். ‘Standard’ அல்லது ‘Cinema’ போதும். பிறகு ஈகோவைப் போடுங்கள். திரும்ப மெனுவுக்குள் போய் அது நிற்கிறதா என்று பாருங்கள். செட்டாப் பாக்ஸ் வரும் எச்.டி.எம்.ஐ. வழிக்கும், டிவிக்குள்ளேயே இருக்கும் யூடியூப், ஓ.டி.டி. செயலிகளுக்கும் அமைப்பு தனித்தனியாக இருப்பது உண்டு. எச்.டி.ஆர். படம் ஓடத் தொடங்கினால் பல டிவிகள் பின்விளக்கை உச்சத்துக்குத் தூக்கிவிடும். அந்தப் படம் ஓடும்போதே மெனுவைத் திறந்து அதற்கென்று ஒருமுறை குறைக்க வேண்டும். எவ்வளவு குறைத்தாலும் சிறிது நேரத்தில் பழையபடி பளபளக்கிறது என்றால், டிவியைப் பொருத்த வந்தவர் தொடக்கத்தில் ‘Home’ என்பதற்குப் பதிலாகக் கடைக்கான ‘Store’ அல்லது ‘Retail’ நிலையைத் தொட்டுவிட்டுப் போயிருப்பார். அதை முதலில் மாற்றுங்கள்.

தானியங்கி வெளிச்சம் என்பது அறையின் வெளிச்சத்தைப் பார்த்துத் திரையைக் கூட்டிக் குறைக்கும் வசதி. இதற்கு ஒரு சென்சார் வேண்டும். விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் அது கிடையாது. இருந்தால் பெரும்பாலும் திரையின் கீழ் விளிம்பில், ரிமோட்டின் சிக்னலை வாங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். அங்கேதான் நாம் சவுண்ட்பாரை நிறுத்துகிறோம். ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டு வைப்பதும் அதே இடத்தில்தான். சென்சாரை மறைத்துவிட்டால் நட்டநடு மதியத்திலும் அறை இருட்டு என்று டிவி நம்பித் திரையை மங்கவைக்கும். வீட்டில் இருப்பவர்கள் டிவி போய்விட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள், அல்லது எல்லாச் சேமிப்பையும் அணைத்துவிடுவார்கள். இதற்கு நேர்மாறாக, சென்சாருக்கு எதிரே ட்யூப்லைட் இருந்தால் இரவிலும் திரை முழு வெளிச்சத்தில் நிற்கும்.

சோதிக்க வேண்டுமானால் இரவில் அறை விளக்கை அணைத்து, மாறாத ஒரு வெளிர் படத்தை நிறுத்தி வையுங்கள். செல்போன் டார்ச்சைக் கீழ் விளிம்பில் அடியுங்கள். மாற்றம் படிப்படியாக வரும் என்பதால் சிறிது பொறுத்திருங்கள். திரை பளிச்சென்று ஏறினால் சென்சார் வேலை செய்கிறது. இருட்டில் அளவுக்கு மீறி மங்குகிறது என்று தோன்றினால் வசதியையே அணைத்துவிட வேண்டாம். ‘Minimum Brightness’ அல்லது ‘Minimum Backlight’ என்று ஓர் அளவு சில மாடல்களில் உண்டு. அதைச் சற்று ஏற்றினால் போதும்.

ஓ.எல்.இ.டி. டிவியில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் என்பதால், வெள்ளைப் பின்னணியில் ஓடும் செய்தி அதிகமாகவும் இருட்டுப் படம் குறைவாகவும் மின்சாரம் இழுக்கும். ஈகோ அங்கும் உதவும். எந்த வகை டிவியானாலும், காலையில் சுப்ரபாதமோ பழைய பாட்டோ கேட்க மட்டும் யூடியூப் போடுகிறவர்கள் ‘Screen Off’ அல்லது ‘Picture Off’ இருக்கிறதா என்று பாருங்கள். படம் அணையும், பாட்டு ஓடும். செலவில் பெரும்பகுதி அதோடு போய்விடும்.

அடுத்து, ரிமோட்டில் அணைத்த பிறகு நடப்பது. சாதாரண காத்திருப்பு நிலையில் இன்றைய டிவி அரை வாட் அளவுக்குத்தான் இழுக்கும். நாளைக்கு 18 மணி நேரம் அப்படிக் கிடந்தாலும் இரண்டு மாதத்துக்கு அரை யூனிட் சொச்சம். அதற்காகத் தினமும் பிளக்கைப் பிடுங்குவது வீண் வேலை. ஓ.எல்.இ.டி. என்றால் செய்யவே வேண்டாம். அணைத்த பிறகு திரையைச் சீராக்கும் பராமரிப்பு வேலையை அது காத்திருப்பு நிலையில்தான் செய்துகொள்ளும்.

சிக்கல் ‘Quick Start’ போன்ற வசதிகளில் இருக்கிறது. போட்டவுடன் படம் வர வேண்டும் என்பதற்காக டிவியின் உட்பகுதியை இது பாதித் தூக்கத்திலேயே வைத்திருக்கும். செல்போனிலிருந்தோ குரலாலோ டிவியை ஆன் செய்யும் வசதியும் இதே வகை. சில மாடல்களில் இவை காத்திருப்புச் செலவை 15, 20 வாட்டுக்குக்கூட ஏற்றிவிடும். 15 வாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 16 யூனிட். சில நொடி சீக்கிரம் படம் வருவதற்கு இது அநியாய விலை என்பது என் கருத்து. செட்டாப் பாக்ஸும் இப்படித்தான். ரிமோட்டில் அணைத்தாலும் பல பெட்டிகளின் செலவு அதிகம் இறங்குவதில்லை. டிவியை விட்டுவிட்டு, செட்டாப் பாக்ஸின் சுவர் ஸ்விட்சை இரவில் அணைப்பதில்தான் பலன் இருக்கிறது.

இதையெல்லாம் நம்பத் தேவையில்லை, ஈ.பி. மீட்டரே சொல்லும். டிவியைத் தவிர ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் உட்பட எல்லாவற்றையும் சில நிமிடம் அணைத்துவிட்டு, மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கைக் கவனியுங்கள். பக்கத்திலேயே ‘3200 imp/kWh’ என்பது போல எழுதியிருக்கும். ஒரு யூனிட்டுக்கு 3,200 முறை சிமிட்டும் என்று பொருள். இந்த மீட்டரில் இரண்டு சிமிட்டலுக்கு இடையிலான வினாடியால் 1,125-ஐ வகுத்தால் வாட் வந்துவிடும். 8 வினாடிக்கு ஒருமுறை சிமிட்டினால் 140 வாட், 16 வினாடிக்கு ஒருமுறை என்றால் 70 வாட். மீட்டரில் 1600 என்று போட்டிருந்தால் 1,125-க்குப் பதில் 2,250-ஐ வகுக்க வேண்டும். ஒரே சேனலை வைத்துக்கொண்டு, ஈகோ போடும் முன்பும் பின்பும் பத்துச் சிமிட்டலுக்கான நேரத்தை எடுத்துச் சராசரி பாருங்கள். எண் மாறவே இல்லை என்றால் நீங்கள் திருகியது தவறான பொத்தான், அல்லது ஈகோ கழன்றுவிட்டது.

டிவிக்கு சாஃப்ட்வேர் அப்டேட் வந்தாலும், வீட்டில் யாராவது படநிலையை மாற்றினாலும் ஈகோ இருக்கிறதா என்று மெனுவைத் திறந்து ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.