340 லைக் வந்துச்சு, அடைப்பு மட்டும் போகல

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு டாபிக் ரொம்ப சின்னது. தெருவுல சாக்கடை அடைச்சிருக்கு, இல்லைன்னா தெருவிளக்கு எரியல. அதை ஆன்லைன்ல எப்படிப் போட்டா சரியான ஆபீஸ் கண்ணுல படும்?

போன வருஷம் எங்க தெருவுல நடுரோட்டுல இருக்கிற மூடி வழியா கருப்பா தண்ணி வழிய ஆரம்பிச்சுது. கீழ் வீட்டுப் பாட்டி தினமும் காலைல பால் வாங்க அந்த வழியாத்தான் போவாங்க. மூணாவது நாள் அவங்க வெளிய வர்றதையே நிறுத்திட்டாங்க. எனக்குக் கோபம். போட்டோ எடுத்து, "இதுதான் உங்க ஸ்மார்ட் சிட்டியா?"ன்னு எழுதி, பத்துப் பேரை டேக் பண்ணிப் போட்டேன். 340 லைக் வந்துச்சு. தண்ணி அப்படியேதான் வழிஞ்சுது.

என் ஃப்ரெண்டோட அண்ணன் வேற ஊர்ல ஒரு உள்ளாட்சி அலுவலகத்துல புகார் பிரிவுல வேலை பாக்குறார். அவர்கிட்ட புலம்பினேன். அவர் போஸ்ட்டைப் பாத்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்: "தம்பி, இதை நான் யாருக்கு ஃபார்வர்டு பண்றது?"

அப்பதான் உறைச்சுது. அதுல தெரு பெயரே இல்ல.

படிக்கிறவர் சரி பண்றவர் இல்லை

அவர் சொன்னது இதுதான். அலுவலகத்தோட கணக்கைப் பாக்குறவர் கையில கம்பியும் இல்ல, லாரியும் இல்ல. உங்க போஸ்ட்டைப் படிச்சு, எந்த ஏரியா இன்ஜினியருக்கு அனுப்பணும்னு முடிவு பண்றதுதான் அவர் வேலை. பல நேரம் உங்க வரிகளை அப்படியே வெட்டி ஒட்டி அனுப்பிடுவார். அந்த வரியில திட்டு இருந்தா, அவர் அதை எடுத்துட்டுத் திருப்பி எழுதணும். இடம் இல்லைன்னா உங்களைக் கேட்டுக் காத்திருக்கணும். அதுக்குள்ள அடுத்த நாப்பது போஸ்ட் வந்துடும்.

மரியாதையா எழுதணும்னு நான் சொல்றதுக்குக் காரணம் இதுதான். ஒரு எழுத்தும் மாத்தாம இன்னொருத்தருக்கு அனுப்பக்கூடிய மாதிரி இருக்கணும். நம்ம பாஷைல, அது ஒரு நல்ல பக் ரிப்போர்ட்.

முதல்ல, இது யார் தண்ணி?

நான் பண்ண ரெண்டாவது தப்பு, தப்பான அலுவலகத்தை டேக் பண்ணது. சென்னையில ரோட்டுல ஓடுற தண்ணிக்கு ரெண்டு பேர் பொறுப்பு. கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்தோடது, அதாவது மெட்ரோ வாட்டர். மழைநீர் வடிகால் மாநகராட்சியோடது.

வித்தியாசம் கண்டுபிடிக்கிறது ஈஸி. ரோட்டு நடுவுல, பெரும்பாலும் வட்டமா ஒரு மூடி, மழையே இல்லாம அதுலேருந்து நாத்தத்தோட தண்ணி வருதுன்னா அது கழிவுநீர். 1916 அல்லது 044-4567 4567. ரோட்டு ஓரத்துல கான்கிரீட் பலகை போட்ட கால்வாய், கம்பி வலை வச்ச வாய், மழை பெஞ்சா தண்ணி உள்ள இறங்காம நிக்குதுன்னா அது மழைநீர் வடிகால். 1913. குழப்பம் வர்ற ஒரே இடம், மழைநீர் வடிகால்ல யாரோ கழிவுநீரை விட்டிருந்தா. அப்ப மாநகராட்சிக்கே எழுதுங்க, ஆனா "மழை இல்லாத நாளிலும் கருப்பு நீர் ஓடுகிறது"ன்னு சேர்த்து எழுதுங்க.

தெருவிளக்குக்கும் இதே மாதிரி பாக்கணும். ஒரு விளக்கு மட்டும் எரியலைன்னா அந்தக் கம்பத்துல கோளாறு. கம்பத்துல எழுதியிருக்கிற எண்ணைக் குறிச்சுக்கோங்க. வரிசையா எல்லாம் அணைஞ்சிருந்தா கேபிள்லயோ சுவிட்ச் பெட்டியிலயோ கோளாறு இருக்கலாம். எந்தக் கம்பத்துலேருந்து எந்தக் கம்பம் வரைன்னு சொல்லுங்க. ரெண்டுமே 1913 தான். வீடுகள்லயும் கரண்ட் இல்லைன்னா அது மின்வாரியம், 94987 94987.

புகார் எண் முதல்ல, போஸ்ட் அப்புறம்

போஸ்ட் மட்டும் போட்டா அது ஒரு பேச்சு. போன்லயோ ஆப்லயோ பதிவு பண்ணா ஒரு எண் வரும். அந்த எண் இருந்தாத்தான் அது யார் பேர்லயாவது நிலுவையா நிக்கும். அதனால முதல்ல பதிவு, ரெண்டு நாள் அசைவு இல்லைன்னா எண்ணோட போஸ்ட்.

இடம் எழுதும்போது ஒண்ணு கவனிங்க. சென்னையில பிள்ளையார் கோயில் தெரு எத்தனை இருக்குன்னு எண்ண முடியாது. மொத்தம் 200 வார்டு. பல தெருப் பெயர்ப் பலகையிலயே வார்டு எண் போட்டிருக்கும். கதவு எண் எழுதினா புது எண்ணா பழைய எண்ணான்னு சொல்லுங்க. போட்டோல லொகேஷன் இருக்குமேன்னு நினைக்காதீங்க. சோஷியல் மீடியாவுல ஏத்தும்போது அந்தத் தகவல் பொதுவா கழண்டு போயிடும். ரெண்டு படம் போதும்: கிட்ட ஒண்ணு, பக்கத்துக் கடையோ கேட்டோ தெரியற மாதிரி தூரத்துல ஒண்ணு. ஆளுங்க முகம், வண்டி நம்பர் வேண்டாம்.

நான் ரெண்டாவது தடவை போட்டது இப்படி:

"பிள்ளையார் கோயில் தெரு, (ஏரியா), வார்டு (எண்). புது எண் 14 எதிரே, சாலை நடுவே உள்ள வட்ட மூடி வழியாகக் கழிவுநீர் 6 நாளாக வழிகிறது. மழை இல்லை. புகார் எண் (…), திங்கள் காலை பதிவு செய்தது. இயந்திரம் மூலம் அடைப்பை நீக்க உதவுங்கள். நன்றி."

டேக் ஒரே ஒரு அலுவலகம். லைக் நாலு. மறுநாள் மத்தியானம் ஜெட் ராடிங் வண்டி வந்துச்சு.

"இயந்திரம் மூலம்"னு ஏன் எழுதினேன்?

நடுவுல எங்க தெருக்காரங்க ஒருத்தர், "ஆளுக்கு நூறு போடுவோம், ஒரு ஆளை உள்ள இறக்கினா அரை மணி நேரத்துல முடிஞ்சுடும்"னார். நல்ல எண்ணத்துலதான் சொன்னார். ஆனா மூடிக்குள்ள விஷவாயு இருக்கும். இறங்குறவர் உயிரோட திரும்பாம போகலாம். 2013 சட்டப்படி, கழிவுநீர்க் குழாய்க்குள்ள பாதுகாப்பில்லாம ஆளை இறக்குறது அலுவலகத்துக்கு மட்டும் இல்ல, தனிநபருக்கும் தடை. காசு கொடுத்த நம்மளும் அதுல வருவோம். பொறுமையா புகார் போடுறது மெதுவான வழின்னு தோணும். ஆனா இங்க நம்ம அவசரத்துக்கு இன்னொருத்தர் உயிரைக் கொடுக்க வேண்டியதாயிடும்.

முடிஞ்சுதா, முடியலையா?

சில நேரம் "புகார் முடிக்கப்பட்டது"ன்னு மெசேஜ் வரும், வெளிய போய்ப் பாத்தா தண்ணி நிக்கும். உடனே பொய்யின்னு எழுதாதீங்க. ஒரு இடத்துல எடுத்த அடைப்பு அடுத்த மூடியில போய் நின்னிருக்கலாம். "நேற்று முடிந்ததாகத் தகவல் வந்தது. இன்று காலை 7 மணிக்கு எடுத்த படம் இது. மீண்டும் பார்க்க முடியுமா?"ன்னு அதே போஸ்ட்டுக்குக் கீழ போடுங்க. தேதி வரிசையா நிக்கிற அந்தப் பதிவுதான் அடுத்து வார்டு அலுவலகத்துக்கோ கவுன்சிலர்கிட்டயோ, 1100 முதல்வர் உதவி மையத்துக்கோ போகும்போது உங்க ஆதாரம்.

சரியாயிடுச்சுன்னா அதையும் அங்கேயே படத்தோட போடுங்க. அடுத்து தேடுறவருக்கு எது வேலை செஞ்சுதுன்னு தெரியும்.

ஒரு எல்லையும் இருக்கு. ஒவ்வொரு மாசமும் அதே மூடி வழிஞ்சா, அது அடைப்பு இல்ல. குழாய் சின்னதாவோ உடைஞ்சோ இருக்கலாம். அதைப் போஸ்ட் தீர்க்காது. பழைய புகார் எண்களை எல்லாம் ஒரே தாள்ல எழுதி, தெருக்காரங்க கையெழுத்தோட நேர்ல கொடுக்கணும். எங்க தெரு இப்ப அந்தக் கட்டத்துலதான் இருக்கு. இதுவரைக்கும் மூணு எண் சேர்ந்திருக்கு. அந்தத் தாள்ல முதல் கையெழுத்து பாட்டியோடது.