கூட்டலா, கழித்தலா?

தெர்மோடைனமிக்ஸ் தேர்வுக்கு முந்தின ராத்திரி பொறியியல் மாணவர்கள் ஒரு பக்கத் தாள் ஒன்றை எழுதி வைத்துக்கொள்வார்கள். பிட் இல்லை, தேர்வு ஹால் வாசல் வரைக்கும்தான் அது போகும். வெப்பநிலை மாறாதது, அழுத்தம் மாறாதது, பருமன் மாறாதது, வெப்பப் பரிமாற்றம் இல்லாதது என்று நான்கு நிகழ்வுகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே வேலை, வெப்பம், அக ஆற்றல், என்ட்ரோபி. ஆக மொத்தம் பதினாறு கட்டங்கள். பதினாறையும் மனப்பாடம் செய்தவர்களுக்கும் மதிப்பெண் போகிற இடம் விடைக்கு முன்னால் நிற்கும் குறிதான்.

இந்தக் குழப்பம் பள்ளியிலேயே ஆரம்பித்துவிடுகிறது. பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகம் ΔU = Q − W என்கிறது. அடுத்த பீரியடில் திறக்கும் வேதியியல் புத்தகம் ΔU = q + w என்கிறது. இரண்டுமே சரி. முதலாவதில் W என்பது வாயு செய்த வேலை. வாயு பிஸ்டனைத் தள்ளினால் கூட்டல் குறி. இரண்டாவதில் w என்பது வாயுவின் மீது செய்யப்பட்ட வேலை. நாம் பிஸ்டனை அழுத்தினால் கூட்டல் குறி. முதல் வழக்கம் நீராவி எந்திரத்தின் காலத்திலிருந்து வருவது. எந்திரக்காரருக்கு உள்ளே போடும் வெப்பம் செலவு, வெளியே வரும் வேலை வரவு. இரண்டையும் நேர் எண்ணாக எழுதுவதே அவருக்கு வசதி. கிளாசியஸ் 1850இல் முதல் விதியை எழுதியபோது அவர் முன்னால் இருந்த கேள்வியும் வெப்பத்திலிருந்து எவ்வளவு வேலை எடுக்கலாம் என்பதுதான். மெக்கானிக்கல் பாடங்களில் பெரும்பாலும் இந்த வழக்கம்தான். ஆகவே தாளின் தலையில் முதல் வரியாக ΔU = Q − W என்று எழுதி, ‘உள்ளே வரும் வெப்பம் +, வெளியே போகும் வேலை +’ என்று பக்கத்திலேயே குறித்துவிட வேண்டும். சூத்திரங்களுக்கு அப்புறம்தான் இடம்.

அந்தச் சூத்திரங்களும் பதினாறு தேவையில்லை. PVⁿ மாறாது என்ற ஒரே உறவில் நான்கு நிகழ்வும் அடங்கும். n பூஜ்யமானால் அழுத்தம் மாறாது. n ஒன்றானால் வெப்பநிலை மாறாது. n என்பது γ ஆனால், அதாவது காற்றுக்கு 1.4 ஆனால், வெப்பப் பரிமாற்றம் இல்லை. n எல்லையின்றிப் பெரிதானால் பருமன் மாறாது. வேலைக்கும் பொதுவாக ஒரே சூத்திரம் போதும்:

W = (P₁V₁ − P₂V₂)/(n − 1)

n ஒன்றாக இருக்கும்போது மட்டும் கீழே பூஜ்யம் வந்துவிடும். அந்த ஒன்றுக்குத்தான் தனியாக W = mRT ln(V₂/V₁). அக ஆற்றலுக்கு எப்போதும் ΔU = mCᵥ(T₂ − T₁). இது வழியைப் பார்க்காது. தொடக்க வெப்பநிலையும் முடிவு வெப்பநிலையும் தெரிந்தால் போதும். Q-க்குப் பொதுவாகத் தனிச் சூத்திரம் வேண்டாம். முதலில் ΔU, அடுத்து W, இரண்டையும் கூட்டினால் Q. இந்த வரிசையை விட்டு Q-வை முதலில் தேடுகிறவர்கள்தான் பெரும்பாலும் சிக்கிக்கொள்கிறார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மூடிய சிலிண்டரில் 1 கிலோ காற்று. வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸ், அதாவது 300 கெல்வின். அதை எட்டில் ஒரு பங்கு பருமனுக்கு அழுத்துகிறோம். காற்றுக்கு R = 0.287, Cᵥ = 0.718, இரண்டும் கிலோஜூல் கணக்கில்.

வெப்பநிலை மாறாமல் மெதுவாக அழுத்தினால் ΔU பூஜ்யம். W = 0.287 × 300 × ln(1/8), அதாவது −179 கிலோஜூல். Q-வும் −179. நாம் போட்ட வேலை முழுவதும் வெப்பமாக வெளியே போய்விட்டது. இங்கே பலர் மடக்கைக்குள் P₂/P₁ என்று போட்டுவிடுவார்கள். எண் அதே 179தான் வரும், குறி மட்டும் கூட்டலாகிவிடும். அழுத்துகிற கணக்கில் W கூட்டலாக வந்தால் அங்கேயே பேனாவை நிறுத்திவிட வேண்டும்.

வெப்பம் வெளியே போக வழியே இல்லாமல் அழுத்தினால் T₂ = 300 × 8^0.4, அதாவது சுமார் 689 கெல்வின். 416 டிகிரி செல்சியஸ். ΔU = +279 கிலோஜூல், Q பூஜ்யம், W = −279. கெல்வினுக்கு மாற்ற மறந்து 27-ஐயே பெருக்கியவருக்கு 62 டிகிரி வரும். எட்டு மடங்கு அழுத்திய காற்று வெந்நீர்ச் சூட்டில்தான் இருக்கிறது என்றால் நம்பக் கூடாது. டீசல் எஞ்சினில் இதைவிட அதிகமாக, ஏறத்தாழ பதினாறு மடங்கு அழுத்துகிறார்கள். ஸ்பார்க் பிளக் இல்லாமலே எரிபொருள் பற்றிக்கொள்வது அந்தச் சூட்டில்தான்.

நிஜ கம்ப்ரசர் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும். n = 1.3 என்று வைத்தால் T₂ சுமார் 560 கெல்வின், ΔU = +187, W = −249. இரண்டையும் கூட்டினால் Q = −62. இந்தக் குறியைப் பார்த்ததும் பலர் தப்பாகப் போட்டுவிட்டோம் என்று அடித்துத் திருத்துவார்கள்: காற்று சூடாகியிருக்கிறது, வெப்பம் எப்படி வெளியே போகும்? போகும். வேலையாக உள்ளே வந்தது 249, வெப்பமாக வெளியேறியது 62, மிச்சம் 187 உள்ளே தங்கிச் சூடாக்கியது. வெப்பநிலை ஏறினால் Q கூட்டல் என்று எந்த விதியும் சொல்லவில்லை. தாளில் நான் அடிக்கோடு போடச் சொல்வது இந்த இடத்தைத்தான்.

இதே கம்ப்ரசரைக் கேள்வித்தாள் ‘நிலையான ஓட்டம்’ என்று சொல்லிக் கேட்டால் கணக்கு மாறும். காற்று உள்ளே வந்து வெளியே போய்க்கொண்டிருக்கும்போது தண்டின் வேலை −∫V dP. மூடிய சிலிண்டர் வேலையைப் போல n மடங்கு. வெப்பப் பரிமாற்றம் இல்லாத கணக்கில் 279-க்குப் பதில் 391 கிலோஜூல் தேவைப்படும். வெப்பநிலை மாறாத கணக்கில் n ஒன்று என்பதால் அதே 179தான். ‘சிலிண்டர், பிஸ்டன்’ என்று கேள்வியில் இருக்கிறதா, ‘ஓட்டம்’ என்று இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

கடைசியாக ஒரு வரி, பெரும்பாலான தாள்களில் இருக்காது. PVⁿ சூத்திரமெல்லாம் வாயு ஒவ்வொரு கணமும் சமநிலையில் இருந்து, மீளக்கூடிய விதத்தில் மாறும்போது மட்டுமே செல்லும். வெப்பம் புகாத பெட்டியில் ஒரு பாதியில் காற்று, மறு பாதி வெற்றிடம். நடுத்தடுப்பை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? வெப்பப் பரிமாற்றம் இல்லை என்றதும் மாணவர் γ-வைப் போட்டு 300 கெல்வின் 227 ஆகக் குறைந்தது என்று எழுதிவிடுவார். ஆனால் வெற்றிடத்துக்குள் பாயும் காற்று எதையும் தள்ளவில்லை. W பூஜ்யம், Q பூஜ்யம், ஆகவே ΔU பூஜ்யம், வெப்பநிலை அதே 300. ஜூல் 1845இல் இரண்டு செம்புக் கலங்களைத் தண்ணீரில் வைத்து இதைச் செய்து பார்த்தார்; தண்ணீரின் வெப்பநிலையில் மாற்றம் தெரியவில்லை. வெப்பநிலை மாறாவிட்டாலும் என்ட்ரோபி கிலோவுக்கு 0.287 × ln 2, அதாவது கெல்வினுக்கு சுமார் 0.2 கிலோஜூல் கூடிவிடும். வெப்பப் பரிமாற்றம் இல்லை என்றால் என்ட்ரோபி மாறாது என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறவர்கள் ‘மீளக்கூடிய’ என்ற சொல் கேள்வியில் இருக்கிறதா என்று ஒரு தடவை தேடிப் பார்ப்பது நல்லது.