கடைக்காரர் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தி

செக்கு எண்ணெய் விற்கும் ஒரு சின்னக் கடையிலிருந்து இப்படி ஒரு பிராட்காஸ்ட் செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

"🙏🙏 அன்பார்ந்த வாடிக்கையாளப் பெருமக்களுக்கு இனிய காலை வணக்கம்! பாரம்பரிய முறையில் ஆட்டிய 100% சுத்தமான நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் அனைத்தும் எங்களிடம் கிடைக்கும். ஒருமுறை வாங்கிப் பாருங்கள்! நண்பர்களுக்கும் பகிருங்கள்!!"

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் மாதாமாதம் அங்கே எண்ணெய் வாங்குகிறவரிடம் போய் "ஒருமுறை வாங்கிப் பாருங்கள்" என்கிறது. போனில் நோட்டிஃபிகேஷனாகத் தெரிவது முதல் ஒன்றிரண்டு வரிதான். அந்த இடம் முழுவதையும் வணக்கமே எடுத்துக்கொண்டது. என்ன எண்ணெய், என்ன விலை, எப்போது வரலாம் என்பதற்குப் பதிலே இல்லை. திருத்தினால் இப்படி வரும்:

"புது நல்லெண்ணெய் தெளிந்து சனிக்கிழமை காலை 10 மணிக்குத் தயாராகும். லிட்டர் 400 ரூபாய். எள் விலை ஏறியதால் போன தடவையைவிட 20 ரூபாய் கூடுதல். வேண்டுமென்றால் வெள்ளி இரவு 8 மணிக்குள் எத்தனை லிட்டர் என்று மட்டும் பதில் போடுங்கள், எடுத்து வைக்கிறோம்."

விலை ஏற்றத்தை மறைக்காமல் சொன்னதுதான் இதில் எனக்குப் பிடித்த வரி. கடைக்கு வந்தபின் தெரிந்தால் முகம் சுளிப்பார்கள். முன்பே காரணத்தோடு தெரிந்தால் கணக்குப் போட்டுக்கொண்டு வருவார்கள். "3 லிட்டர்" என்று ஒருவர் போடும் பதில் கடைக்காரருக்கு மட்டுமே தனிச் செய்தியாக வரும், குழுவில் வருவதுபோல எல்லோருக்கும் தெரியாது. வெள்ளி இரவே எத்தனை லிட்டர் போகும் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

அடுத்தது, யாருக்கு அனுப்புவது. ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் கடை எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் செய்தி போய்ச் சேரும். எனவே எங்கிருந்தோ வாங்கிய எண்களைப் பட்டியலில் போட்டுப் பயனில்லை. பில் போடும்போதே "எங்க நம்பரைச் சேமித்துக்கொள்ளுங்கள், புது எண்ணெய் வந்தால் சொல்கிறோம்" என்று கேட்டுவிடுவது நல்லது. தேங்காய் எண்ணெய் மட்டுமே வாங்குகிறவருக்குத் தனிப் பட்டியல் போடுங்கள், நல்லெண்ணெய்ச் செய்தி அவருக்கு எதற்கு?

அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து அதன் விவரத்தைத் திறந்தால் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று தெரியும். ஒருவருக்குப் பல வாரமாகப் போய்ச் சேரவே இல்லையென்றால், எண்ணைச் சேமிக்கவில்லை, மாற்றிவிட்டார் அல்லது உங்களை பிளாக் செய்துவிட்டார். எது என்று வாட்ஸ்அப் சொல்லாது. அவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். பலர் ஸ்பாம் என்று புகார் செய்தால் கணக்கே முடக்கப்படலாம்.

பொங்கல் வாழ்த்தும் காலை வணக்கப் படமும் போட்டே ஆகவேண்டும் என்று தோன்றினால் ஸ்டேட்டஸில் போடுங்கள். பார்க்க விரும்புகிறவர் பார்த்துக்கொள்வார்.